ரிவர்ஸ் 1906, ரிவர்ஸ் 1986

ஆய்வேட்டை ஒப்படைக்க வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்த நேரத்தில் உதகையிலிருந்து என் நெறியாளருக்கு நீளமான மின்னஞ்சல் ஒன்று எழுதினேன். சுருக்கவுரை முன்பே போய்விட்டது. இயல்கள் எல்லாவற்றையும் அவர் படித்து, ஓரங்களில் பென்சிலால் குறித்துத் திருப்பித் தந்துவிட்டார். துணைநூற்பட்டியலும் ஒரே அகரவரிசையாக அவர் பார்வைக்குப் போய் வந்திருந்தது. அந்தப் பட்டியலைத்தான் நான் பிரித்து நான்கு பகுதிகளாக அடுக்கியிருந்தேன். அந்த நேரத்தில் பட்டியலில் கைவைப்பதை எந்த நெறியாளரும் விரும்பமாட்டார். பட்டியலில் ஒரு பதிவு இடம் மாறினால் அதைச் சுட்டும் அடைப்புக்குறிகள் இயல்தோறும் சரியாக நிற்கின்றனவா என்று மறுபடி பார்க்க வேண்டும். ஆகவே என்ன செய்தேன் என்பதோடு ஏன் செய்தேன் என்பதையும் விரிவாக எழுதினேன்.

என் ஆய்வு நீலகிரி மலைமக்களைப் பற்றியது என்பதைவிட அவர்களைப் பற்றி எழுதப்பட்டவற்றைப் பற்றியது என்பதே சரி. தோடர், கோத்தர், படுகர், குறும்பர், இருளர் ஆகியோரைப் பற்றிப் பாதிரிமார், ஆட்சியர், மானுடவியலாளர், மொழியியலாளர் என்று பலர் எழுதிக் குவித்திருக்கிறார்கள். பால் ஹாக்கிங்ஸ் 1602 முதல் 1996 வரையிலான எழுத்துகளுக்கு ஒரு நூலடைவே தனிப் புத்தகமாகத் தொகுத்திருக்கிறார். இத்தனை சிறிய மலைப்பகுதிக்கு அவ்வளவு பெரிய நூலடைவு! அவற்றில் யார் நேரில் பார்த்தார், யார் கேட்டு எழுதினார், யார் இன்னொருவர் புத்தகத்திலிருந்து எடுத்து எழுதினார் என்று பிரித்துப் பார்ப்பதுதான் என் வேலை. இயல்களில் அதைச் செய்துவிட்டுப் பட்டியலில் எல்லோரையும் எழுத்து வரிசையில் ஒன்றாக நிறுத்தியிருந்ததுதான் என்னை உறுத்தியது.

மின்னஞ்சலின் முதல் பத்தியிலேயே ஒரு வாக்கியத்தை எடுத்துக்காட்டினேன். தோடர்களின் எருமைப் பால்மனைகள் ஒரே தரத்தவை அல்ல. அவற்றில் புனிதத்தின் படிநிலை உண்டு. மேல்நிலைப் பால்மனையின் பூசகருக்கு விலக்குகள் மிகுதி என்று மூன்றாம் இயலில் எழுதியிருந்தேன். அதற்குச் சான்றாக அடைப்புக்குறிக்குள் "ரிவர்ஸ் 1986, தர்ஸ்டன் 1987" என்று இருந்தது. இரண்டு பேர், இரண்டு புத்தகங்கள், அடுத்தடுத்த ஆண்டுகள். விஷயம் தெரியாத ஒருவர் படித்தால் 1980களில் இரண்டு ஆய்வாளர்கள் தனித்தனியாக வந்து பார்த்து ஒரே முடிவுக்கு வந்தார்கள் என்றுதான் எடுத்துக்கொள்வார்.

உண்மை வேறு. டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் நீலகிரியில் தங்கித் தோடர்களிடம் கேட்டு எழுதியது 1901–02இல். அவருடைய 'தி தோடாஸ்' லண்டனில் மாக்மில்லன் வெளியீடாக வந்தது 1906இல். எங்கள் கைக்குக் கிடைப்பது 1986இல் ராவத் பதிப்பகம் இரண்டு தொகுதிகளாக வெளியிட்ட மறுபதிப்பு. எட்கர் தர்ஸ்டனும் கே. ரங்காச்சாரியும் சேர்ந்து வெளியிட்ட ஏழு தொகுதிகள் கொண்ட 'காஸ்ட்ஸ் அண்ட் டிரைப்ஸ் ஆஃப் சதர்ன் இந்தியா' 1909இல் வந்தது. நான் பயன்படுத்தியது 1987ஆம் ஆண்டு மறுபதிப்பு. ஏழாம் தொகுதியில் தோடர் பற்றிய கட்டுரையைத் திறந்தால் பக்கம் பக்கமாக ரிவர்ஸை மேற்கோள் காட்டியிருப்பது தெரியும். அடைப்புக்குறிக்குள் இரண்டு பெயர்கள் இருந்தாலும் பார்த்த சாட்சி ஒருவர்தான். அவர் பார்த்ததும் நூறாண்டுக்கு முன்பு.

மறுபதிப்பின் ஆண்டை எழுதுவது தவறு அல்ல. பக்க எண் எந்தப் பதிப்பிலிருந்து எடுக்கப்பட்டதோ அந்தப் பதிப்பைச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் படிப்பவரால் அந்தப் பக்கத்தைத் தேடிப் பிடிக்க முடியாது. ஆனால் முதற்பதிப்பின் ஆண்டு அதனுடன் இல்லையென்றால் காலம் மறைந்துபோகிறது. இரண்டையும் சேர்த்து 1906/1986 என்று எழுதும் முறை உண்டு. நூல்களைச் சேமித்து வைக்கும் ஜோட்டெரோ மென்பொருளில் அதற்கென்று தனிக் கட்டம் அப்போது இல்லை. பதிவின் `Extra` என்ற இடத்தில் ஒரு வரி சேர்க்க வேண்டியிருந்தது:

```
Original Date: 1906
```

இதைச் சேர்த்ததும் அதற்கு ஏற்ற மேற்கோள் நடையில் இரண்டு ஆண்டுகளும் தாமாகவே வந்துவிடுகின்றன. மறுபதிப்பாக நான் வைத்திருந்த ஒவ்வொரு நூலுக்கும் தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தைப் பார்த்து இந்த வரியைச் சேர்த்தேன். சில மறுபதிப்புகளில் முதற்பதிப்பின் ஆண்டே இருக்காது. அப்போது முன்னுரையின் அடியில் உள்ள தேதியையும் நூலகப் பட்டியலையும் ஒப்பிட்டுப் பார்த்தால்தான் ஆண்டை உறுதி செய்யலாம்.

இரண்டு ஆண்டுகளையும் எழுதுவதோடு வேலை முடிந்துவிடவில்லை என்பதை ஃபினிசியோ எனக்குக் காட்டினார். ஜாகோமே ஃபினிசியோ ஒரு ஏசு சபைப் பாதிரியார். மலைக்கு மேலே பழைய கிறித்தவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துவர மலையாளக் கரையிலிருந்து அனுப்பப்பட்டவர். தோடர்களைச் சந்தித்து, படுகர்களையும் குறிப்பிட்டு, 1603இல் போர்த்துக்கீசிய மொழியில் கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பு ரிவர்ஸின் புத்தகத்தில் பின்னிணைப்பாக இருக்கிறது. படுகர்கள் மலைக்கு எப்போது வந்தார்கள் என்ற வாதத்தில் அந்தக் கடிதத்துக்குக் கனம் அதிகம்; 1603இல் அவர்கள் அங்கே இருந்தார்கள் என்பதற்கு அதுவே சான்று. என் பழைய பட்டியலில் ஃபினிசியோ என்ற பெயரே இல்லை. இயலில் "1603இல் படுகர்கள் இருந்தனர் (ரிவர்ஸ் 1986)" என்று நின்றது. ரிவர்ஸ் தோடர்களைப் பற்றி ஆராய்ந்தவர். அந்த வரியில் அவர் வெறும் பெட்டிதான். உள்ளே இருக்கும் கடிதம் வேறொருவருடையது.

"கொழுந்தையும் முற்றின இலையையும் ஒரே சாக்கில் போட்டுக் கொண்டுபோனால் ஃபேக்டரியில் எடுக்கமாட்டார்கள், அம்மா. பட்டியலும் இப்போது அப்படித்தான் இருக்கிறது. பார்த்துச் சொன்னவரையும் படித்துச் சொன்னவரையும் பிரித்து வைக்க அனுமதி கேட்கிறேன்" என்று எழுதினேன். எங்கள் வீட்டில் பச்சைத் தேயிலை பறித்து விற்றுத்தான் நான் படித்தேன் என்பது அவருக்குத் தெரியும்.

அதன்படி ஒரு பகுதியைக் காலச் சான்று நூல்கள் என்று அமைத்தேன். அதற்குள் வரிசை ஆசிரியர் பெயரால் அல்ல, சான்று பிறந்த ஆண்டால். முதலில் ஃபினிசியோவின் 1603ஆம் ஆண்டுக் கடிதம். அது அச்சான இடமாக ரிவர்ஸின் பின்னிணைப்பு. பிறகு 1832இல் வந்த ஹார்க்னஸ். பிறகு பிரீக்ஸ். ஜே. டபிள்யூ. பிரீக்ஸ் நீலகிரியின் முதல் ஆணையர். மலைமக்களையும் அவர்களுடைய பழைய கல்சின்னங்களையும் பற்றிய அவர் நூல் 1873இல் வந்தது. அவரோ 1872இலேயே இறந்துவிட்டார். மனைவிதான் அதைப் பதிப்பித்தார். இதை ஒரு வரிக் குறிப்பாகப் பதிவின் கீழேயே கொடுத்தேன். பிறகு 1880இல் கிரிக், 1906இல் ரிவர்ஸ், 1908இல் பிரான்சிஸ் எழுதிய மாவட்ட விவரச்சுவடி, 1909இல் தர்ஸ்டன். மொழியியலாளர் எமனோவின் 'தோடா சாங்ஸ்' அச்சானது 1971இல் என்றாலும் பாடல்களை அவர் தொகுத்தது 1930களில். ஆகவே அது 1930களின் இடத்தில் நின்றது. இப்படி அடுக்கியதும் எது எதற்குப் பிறகு, யார் யாரைப் படித்திருக்க முடியும் என்பது பட்டியலைப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது.

மின்னஞ்சலில் நான் மிகவும் மனம்விட்டு எழுதியது பெயர்களைப் பற்றித்தான். மென்பொருள், பெயரின் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொள்ளும். ஆங்கிலேயர் பெயருக்கு அது சரி. எங்கள் ஊர்ப் பெயர்களில் கடைசியில் நிற்பது கவுடர் என்ற பட்டம். எச். பி. ஆரி கவுடர் என்ற பெயரை எடுத்துக்கொள்ளலாம். குன்னூருக்குப் பக்கத்திலுள்ள ஹப்பதலை அவர் ஊர். பெள்ளி அவர் தந்தை. ஆரி அவர் பெயர். முதலெழுத்து இரண்டும் ஊரையும் தந்தையையும் சொல்கின்றன. மதராஸ் மாகாணச் சட்டமன்றத்தில் உறுப்பினராக இருந்தவர், நீலகிரி விவசாயிகளுக்குக் கூட்டுறவு விற்பனைச் சங்கம் அமைத்தவர். மலைமக்களின் வரலாற்றை எழுதிக் கையெழுத்துப் படியாக வைத்துவிட்டுப் போன எம். கே. பெள்ளி கவுடர் வேறொருவர். ஆரி கவுடரின் தந்தையும் பெள்ளி கவுடர்தான், அவர் எச். ஜே. பெள்ளி கவுடர். பழைய பட்டியலில் எல்லோரும் "கவுடர்" என்ற ஒரே சொல்லின் கீழ் வரிசையாக நின்றார்கள். இயலில் "கவுடர்" என்று மட்டும் வந்தால் எந்தக் கவுடர்? ஆங்கில நூல்களில் இதே பெயர் ஒரு இடத்தில் கவுடா என்றும் இன்னொரு இடத்தில் கவுடர் என்றும் வருவதால் ஒரே ஆள் இரண்டு பேராகவும் பிரிந்திருந்தார்.

ஆகவே நம் பெயர்கள் அனைத்தையும் இயற்பெயரால் வரிசைப்படுத்தினேன். ஆரி கவுடர் எச். பி. என்றால் 'ஆ'வில் நிற்பார்; பெள்ளி கவுடர் எம். கே. என்றால் 'பெ'வில் நிற்பார். மென்பொருளில் பெயருக்குரிய இரண்டு கட்டங்களை ஒற்றைக் கட்டமாக மாற்றி, எந்த வரிசையில் அச்சாக வேண்டுமோ அந்த வரிசையிலேயே தட்டச்சு செய்தால் அது பெயரைப் பிரிக்காது. எழுத்து வேறுபாடுகளுக்கு ஒரே வடிவத்தைத் தேர்ந்துகொண்டு மற்றதை அடுத்து "காண்க" என்று காட்டினேன். மேலைநாட்டார் பெயர்களை மட்டும் குடும்பப் பெயராலேயே விட்டேன். இரண்டு வகைப் பெயருக்கும் இரண்டு விதி என்பதைப் பட்டியலின் தலையிலேயே சொல்லிவிட்டேன்.

நெறியாளர் இந்த இடத்தில் ஒரு கேள்வி கேட்டார். மறுநாள் காலையில் தொலைபேசியில் கூப்பிட்டு, "என்னம்மா, சுள்ளியை எங்கே வைக்கப் போற?" என்றார். நான் மின்னஞ்சலில் எழுதத் தயங்கி விட்டுவைத்த இடம் அதுதான்.

சுள்ளி கோத்தர். 1930களில் எமனோ கோத்த மொழியைக் கற்றது அவரிடம். 1944 முதல் 1946 வரை கலிபோர்னியா பல்கலைக்கழகம் நான்கு பகுதிகளாக வெளியிட்ட 'கோத்தா டெக்ஸ்ட்ஸ்' நூலில் உள்ள கதைகள் சுள்ளி சொல்லி எமனோ எழுதியவை. மானுடவியலாளர் மாண்டல்பாமும் சுள்ளியோடு பழகி, அவரைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். கதை சுள்ளியுடையது, மொழி அவருடையது, நினைவாற்றல் அவருடையது. பட்டியலிலோ எமனோ என்ற பெயர்தான் இருக்கிறது. சான்று யாருடையது என்று பிரிப்பதே என் வேலை என்று சொல்லிக்கொண்டு நான் சுள்ளியைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்த முடியாது.

ஆனால் எமனோவின் பெயரை எடுத்துவிட்டு சுள்ளியின் பெயரில் அந்த நூலைப் பதிவு செய்யவும் முடியாது. எந்த நூலகப் பட்டியலிலும் அது எமனோவின் பெயரில்தான் இருக்கிறது. "சுள்ளி 1944" என்று தேடினால் படிப்பவருக்கு ஒன்றும் அகப்படாது. துணைநூற்பட்டியலின் முதல் கடமை புத்தகத்தை இன்னொருவர் கண்டெடுக்க வழி காட்டுவது. நெறியாளரோடு பேசி இப்படி முடிவு செய்தோம்: பதிவு எமனோவின் பெயரிலேயே இருக்கும், தலைப்பை அடுத்து "சொன்னவர் கே. சுள்ளி" என்று வரும், 'சு' வரிசையில் "சுள்ளி, கே.: காண்க எமனோ 1944–46" என்று ஒரு வரி இருக்கும். இயலில் சுள்ளியின் கூற்றை எடுத்தாளும்போது "சுள்ளி, எமனோ 1944–46 வழியாக" என்று எழுத வேண்டும். இந்தக் கடைசி விதிக்காக ஐந்தாம் இயலின் அடைப்புக்குறிகள் எல்லாவற்றையும் திருத்தினேன். அந்த உழைப்பில் எனக்கு வருத்தமே இல்லை.

வாய்மொழிச் சான்றுகளுக்குத் தனிப் பகுதி வைத்ததும் இதே காரணத்தால்தான். சில மேற்கோள் நடைகளில் நேர்காணலைப் பட்டியலில் சேர்ப்பதில்லை. படிப்பவரால் அதைத் திரும்பப் பெற முடியாது என்பதால் இயலுக்குள் மட்டும் சுட்டச் சொல்கிறார்கள். காரணம் நியாயமானதுதான். ஆனால் என் ஆய்வேட்டில் ஹட்டிகளில் பெரியவர்கள் சொன்னது ரிவர்ஸ் எழுதியதை மறுக்கும் இடங்கள் உண்டு. மறுக்கப்படுபவர் பட்டியலில் இருக்க, மறுப்பவர் இல்லாமலிருந்தால் படிப்பவர் இருவரையும் எடைபோட முடியாது. பேசியவரின் ஊர், ஏறத்தாழ வயது, பேசிய மொழி, நாள், ஒலிப்பதிவு உண்டா இல்லையா என்ற விவரங்களைக் கொடுத்தேன். பெயர் வேண்டாம் என்றவர்களுக்கு ஊரின் முதலெழுத்தோடு ஒரு எண். சின்ன ஹட்டியில் ஊரையும் வயதையும் சேர்த்துச் சொன்னாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும். அப்படிப்பட்ட இடங்களில் ஊரை விட்டு, வட்டாரத்தை மட்டும் எழுதினேன்.

பிரித்து அடுக்குவதால் ஒரு தொல்லை வரும் என்பதையும் மின்னஞ்சலில் மறைக்கவில்லை. ஒரே அகரவரிசையில் எந்தப் பெயரையும் உடனே பிடித்துவிடலாம். நான்கு பகுதிகள் என்றால் எந்தப் பகுதியில் தேடுவது என்று படிப்பவர் தடுமாறுவார். அதற்காக அடைப்புக்குறிக்குள் பெயருக்கு முன்பாக ஒரு எழுத்து சேர்த்தேன். ஆவணங்களுக்கும் கையெழுத்துப் படிகளுக்கும் 'ஆ', காலச் சான்று நூல்களுக்கு 'கா', வாய்மொழிக்கு 'வா'. எழுத்து எதுவும் இல்லையென்றால் பிற்கால ஆய்வு நூல். அவை தமிழ் தனியாக, ஆங்கிலம் தனியாக அகரவரிசையில் இருக்கும். "கா: ரிவர்ஸ் 1906/1986" என்று பார்த்தால் கண் நேராக அந்தப் பகுதிக்குப் போகும்.

மென்பொருள் இந்தப் பிரிவுகளைத் தானாகச் செய்து தராது. ஒரு கோப்புக்கு ஒரே பட்டியல்தான் அது போடும். ஆகவே பட்டியலை முழுதாக உருவாக்கி, கோப்பின் ஒரு படியைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, மற்றப் படியில் மென்பொருளின் பிடியை நீக்கிவிட்டுக் கையால் பிரித்தேன். பிடியை நீக்கிய பிறகு இயலில் ஒரு மேற்கோளைச் சேர்த்தாலும் எடுத்தாலும் பட்டியலில் அது தெரியாது. அதனால்தான் இந்த வேலையை இயல்கள் உறுதியான பிறகு, ஒப்படைப்பதற்குச் சற்று முன்பு செய்ய வேண்டியிருந்தது. நெறியாளர் "இதை ஏன் முன்னாடியே செய்யல?" என்று கேட்கக்கூடும் என்று நினைத்து அந்தக் காரணத்தையும் எழுதியிருந்தேன். பிரித்து முடித்ததும் இரு திசைகளிலும் சரிபார்த்தேன். முதலில் பட்டியலில் உள்ள ஒவ்வொரு பதிவையும் இயல்களில் தேடினேன். எங்கும் சுட்டப்படாதவை வெளியேறின. பிறகு இயல்களில் உள்ள ஒவ்வொரு அடைப்புக்குறியையும் பட்டியலில் தேடினேன். தமிழ்ப் பெயர்களில் தேடும்போது முதலெழுத்துக்கும் பெயருக்கும் நடுவே இடைவெளி ஒரு இடத்தில் இருந்து இன்னொரு இடத்தில் இல்லாவிட்டால் கணினிக்கு அகப்படாது. ஆகவே பெயரை மட்டும் கொடுத்துத் தேடினேன்.

நெறியாளர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு மாற்றம் சொன்னார். நான்கு பகுதிகளுக்கும் தனித்தனித் தலைப்பு கொடுத்திருந்தேன்; பொதுத் தலைப்பு இல்லை. "மேலே துணைநூற்பட்டியல்னு பெருசா போடு. ஒப்புமை பார்க்கிற சாஃப்ட்வேருக்கு அந்தத் தலைப்பு வேணும்" என்றார். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி ஒப்புமையைக் கணக்கிடும்போது நூற்பட்டியலை விலக்க வேண்டும். பத்து விழுக்காடு வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை இல்லை. ஆனால் மென்பொருள் தலைப்பைப் பார்த்துத்தான் பட்டியல் எங்கே தொடங்குகிறது என்று அறிந்துகொள்கிறது. "காலச் சான்று நூல்கள்" என்ற தலைப்பு அதற்குப் புரியாமல் போகலாம். புரியாவிட்டால் நூல்களின் பெயர்களையெல்லாம் வேறு ஆய்வேடுகளிலிருந்து எடுத்த வாசகமாக எண்ணிக் கணக்கில் சேர்த்துவிடும். தமிழ்த் தலைப்பை அந்த மென்பொருள் அறியுமா என்ற ஐயமும் இருந்ததால், அறிக்கை வந்ததும் கடைசிப் பக்கங்களில் வண்ணம் பூசியிருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொன்னார். பூசியிருந்தால் அந்தப் பக்கங்களை நீக்கி மறுபடி பார்க்கும்படி நூலகரிடம் கேட்கலாம்.

பிறகு தானாகவே இன்னொன்றும் சொன்னார். ஷோத்கங்காவில் ஆய்வேடு ஒரே கோப்பாக அல்ல, இயல் இயலாகத் தனித்தனிக் கோப்புகளாக ஏறும். துணைநூற்பட்டியலும் தனிக் கோப்பு. அதை மட்டும் திறந்து பார்ப்பவருக்கு 'கா' என்றால் என்ன, 1906/1986 என்றால் என்ன, ஆரி கவுடர் ஏன் 'ஆ'வில் இருக்கிறார் என்பது தெரியாது. நான் அந்த விளக்கங்களை முன்னுரையில் வைத்திருந்தேன். அவர் சொன்னபடி அதே விளக்கத்தைப் பட்டியலின் முதல் பக்கத்திலும் அரைப் பக்க அளவில் திரும்பக் கொடுத்து, அன்று மாலையே அச்சுக்கு அனுப்பினேன்.